செய்தியோடையா, பக்கத்தை உருவுவதா: ஒரு வாசிகசாலைத் தாளின் கணக்கு

கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் சுவரில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தாள் ஒட்டுவோம். முந்திய 24 மணிநேரத்தில் ஒன்பது இணையத்தளங்களில் வந்த அறிவித்தல்களும் செய்தித் தலைப்புகளும் அதில் இருக்கும். தலைப்பு, வந்த நேரம், தளத்தின் பெயர், இவ்வளவுதான். பத்திரிகை வருவதற்கு முன்பே வந்து உட்காரும் முதியவர்களும், வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்க்கிற இளைஞர்களும் முதலில் வாசிப்பது அதைத்தான். தாளைத் தயாரிப்பது ஒரு பழைய கணினியில் ஓடும் பைதன் நிரல். நான் எழுதியது.

முதலில் அதை எழுதியபோது ஒன்பது தளங்களின் முகப்புப் பக்கத்தையும் திறந்து, எச்.ரி.எம்.எல்லுக்குள் இருந்து தலைப்புகளை உருவி எடுக்கும்படி எழுதினேன். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் தாளில் ஒரு நேர்முகத் தேர்வு அறிவித்தல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பட்டதாரிப் பிள்ளை சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், மத்தியானம் திரும்பி வந்தாள். அந்த நேர்முகத் தேர்வு முந்திய வருடம் நடந்து முடிந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு நான் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

காரணம் எளிமையானது. முந்திய இரவு அந்தத் தளம் தன் தோற்றத்தை மாற்றியிருந்தது. என் நிரல் பக்கத்தில் உள்ள `h3 a` என்ற அமைப்பைத் தேடி, கிடைத்ததை எல்லாம் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். புதிய தோற்றத்தில் புதுச் செய்திகளின் தலைப்புகள் `h2` ஆகிவிட்டன. `h3` இல் இருந்தது பக்கவாட்டில் வரும் ‘அதிகம் வாசிக்கப்பட்டவை’ பெட்டி. அந்தப் பெட்டியில் திகதி இல்லை. அந்தப் பழைய அறிவித்தல் என் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே வந்தது என்பதால், ‘ஏற்கெனவே பார்த்தவை’ பட்டியலிலும் அது இல்லை. ஆகவே நிரலின் கண்ணுக்கு அது புத்தம் புதியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பத்துத் தலைப்பு தேடியது, பத்துத் தலைப்பு கிடைத்தது, தாளை அச்சிட்டது.

பக்கத்தை உருவுவது ஒரு வழி. நிரல்கள் வாசிப்பதற்கென்றே தளம் தன் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் செய்தியோடையை வாசிப்பது மற்ற வழி. இந்த இடம்தான் இரண்டையும் ஒப்பிடுவதற்குச் சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன். வேகம், சுலபம் எல்லாம் பிறகு. முதலில் கேட்கவேண்டியது, ஒரு வழி பிழை விடும்போது அது எப்படிப் பிழை விடுகிறது, நமக்கு அது தெரியுமா என்பது.

அதே தளத்தை மறுநாள் வேறு கண்ணோடு பார்த்தேன். அதற்கு ஒரு செய்தியோடை இருந்தது. நான் முதல் நாளே பார்த்திருக்கவேண்டியது. ஓடை தரும் தளங்கள் அதன் முகவரியைப் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே எழுதி வைத்திருக்கும். வாசகருக்குத் தெரியாது, நிரலுக்குத் தெரியும். முனையத்தில் இப்படித் தேடலாம்:

```
curl -sL https://example.com/ | grep -i 'application/[a-z]*+xml'
```

`rel="alternate"` என்றும் `application/rss+xml` அல்லது `application/atom+xml` என்றும் உள்ள ஒரு வரி கிடைத்தால் அதன் `href` தான் ஓடையின் முகவரி. வேர்ட்பிரஸ் தளங்களில் இரண்டு வரிகள் வருவதுண்டு. `/feed/` என்று முடிவது பதிவுகளுக்கு. `/comments/feed/` என்று முடிவது வாசகர் கருத்துகளுக்கு. அவசரத்தில் இரண்டாவதை எடுத்துவிட்டால் தாள் முழுவதும் கருத்துகள் வரும். எந்த வரியும் கிடைக்காவிட்டாலும் ஒருமுறை முகவரியின் கடைசியில் `/feed/` போட்டுப் பாருங்கள். புளொக்கர் தளமென்றால் `/feeds/posts/default`. சில தளங்களில் தோற்றத்தைச் செய்தவர் அந்த வரியை விட்டிருப்பார், ஓடை மட்டும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடையைத் திறந்தால் ஒவ்வொரு பதிவும் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```xml
<item>
  <title>கொக்குவிலில் நாளை மின்தடை</title>
  <link>https://example.com/kokuvil-power/</link>
  <pubDate>Tue, 04 Mar 2025 01:10:00 +0000</pubDate>
  <guid isPermaLink="false">https://example.com/?p=48213</guid>
</item>
```

பக்கவாட்டுப் பெட்டி இதில் இல்லை, விளம்பரம் இல்லை, தோற்றம் என்ற ஒன்றே இல்லை. தளத்தின் தோற்றம் அன்று இரவு மாறியபோதும் ஓடை மாறவில்லை. மாறுவதற்கு வழியும் குறைவு, ஏனென்றால் தோற்றத்தை அமைப்பது ஒரு கோப்பு, ஓடையை எழுதுவது மென்பொருளின் வேறொரு பகுதி. பழைய நேர்முகத் தேர்வு அறிவித்தல் எப்படியோ ஓடைக்குள் வந்திருந்தாலும் அதன் `pubDate` அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

என் பெறாமகள் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். நிரலை மாற்றப்போகிறேன் என்றதும் அவளுக்குச் சம்மதமில்லை.

“சித்தப்பா, பக்கத்தில எல்லாம் கிடக்குத்தானே. ஓடையில அவையள் தாறது மட்டும்தான் வரும். நாளைக்கு அவையள் அதை நிப்பாட்டினா?”

அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஓடை என்பது தளக்காரர் தருவது. அவர் தராததை அதில் எடுக்க முடியாது. நிறுத்தினால் நின்றுவிடும். ஆனால் நின்றால் 404 என்று வரும், எனக்கு அன்றே தெரியும். பக்கத்தை உருவும்போது தளக்காரருக்கு நான் இருப்பதே தெரியாது. அவர் ஒரு பெட்டியை இடம் மாற்றினால் என் தாள் பொய் சொல்லும், அது எனக்குத் தெரிய நான்கு நாள் ஆகலாம். அவளிடம் இதைச் சொன்னேன். “சரி, அப்ப ஒவ்வொரு தளமாப் பாப்பம்” என்றாள். அப்படித்தான் பார்த்தோம். அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தவைதான் கீழே வருபவை.

முதலில், ஒரு பதிவு புதியதா பழையதா என்று எப்படி அடையாளம் காண்பது? இது தமிழில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல். பக்கத்தை உருவும்போது கையில் இருப்பது தலைப்பும் இணைப்பும் மட்டுமே. தலைப்பை அடையாளமாக வைத்தால், ஆசிரியர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலே அது புதிய பதிவாகிவிடும். திருத்தாவிட்டாலும் ஆபத்து உண்டு. எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். ‘கொக்குவில்’ என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று, ‘ெ’ யும் ‘ா’ வும் தனித்தனியாக வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரே செய்தி இரண்டு முறை தாளில் வந்தபோது நான் அரைமணிநேரம் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டு இருந்தேன், கண்ணுக்குத் தெரியாது. பைதனில் `unicodedata.normalize("NFC", title)` போட்டால் இரண்டும் ஒன்றாகும். தலைப்புகளை எந்தக் காரணத்துக்காக ஒப்பிட்டாலும் இதைச் செய்துவிட்டே ஒப்பிடவேண்டும்.

இணைப்பை அடையாளமாக வைத்தால்? அதிலும் தமிழுக்கு ஒரு கதை இருக்கிறது. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை ஆக்கும், ஆனால் அதற்கு 200 எழுத்திடம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் `%E0%AE%95` போல ஒன்பது இடம் எடுக்கும். ‘யாழ்ப்பாணத்தில்’ என்ற ஒரு சொல்லில் புள்ளியும் கால்களும் சேர்த்து 15 குறிகள் உண்டு. 135 இடம் அதிலேயே போய்விடும். ‘யாழ்ப்பாணத்தில் நாளை மின்தடை’ என்ற தலைப்பு முகவரியில் ‘யாழ்ப்பாணத்தில்-நாளை-மின’ என்பதோடு அறுந்துவிடும். இந்த நீள முகவரியைப் பகிரும்போது அசிங்கமாகத் தெரிவதால் சில ஆசிரியர்கள் வெளியிட்ட பிறகு ஆங்கில எழுத்தில் ஒரு குட்டி முகவரியாக மாற்றுவார்கள். மாற்றியதும் இணைப்பு வேறு, ஆகவே என் நிரலுக்கு வேறு பதிவு.

ஓடையில் உள்ள `guid` இந்தக் குழப்பத்துக்கு வெளியே நிற்கிறது. மேலே காட்டிய உதாரணத்தில் `?p=48213` என்பது தரவுத்தளத்தில் அந்தப் பதிவின் எண். தலைப்பு மாறலாம், முகவரி மாறலாம், எண் மாறாது. ஓடைக்கு மாறியதில் எனக்கு மிகப் பெரிய ஆறுதல் இதுதான். தாளில் ஒரே செய்தி இரண்டு முறை வருவது அநேகமாக நின்றுவிட்டது. ‘அநேகமாக’ என்று சொல்லக் காரணம், ஓடையின் பரவலான வடிவமான ஆர்.எஸ்.எஸ் 2.0 இல் `guid` கட்டாயமில்லை. கையால் எழுதிய ஓடைகளில் அது இல்லாமலும் வரும். அப்போது வேறு வழியின்றி இணைப்பைத்தான் பிடிக்கவேண்டும்.

அடுத்தது நேரம். பக்கங்களில் ‘2 மணிநேரம் முன்’ என்று எழுதியிருப்பதை நேரமாக மாற்றிப் பாருங்கள், அலுத்துவிடும். பக்கம் எப்போது சேமிக்கப்பட்டது என்று தெரியாததால் அந்த இரண்டு மணிநேரம் எதிலிருந்து எண்ணியது என்பதும் தெரியாது. ஓடையில் நேரம் முழுமையாக, நேர வலயத்தோடு வரும். மேலே உள்ள உதாரணத்தில் 01:10, `+0000`. அதாவது எங்கள் நேரம் காலை 6:40. அன்றைய தாள் ஆறு மணிக்கே ஒட்டியாகிவிட்டது, ஆகவே இது மறுநாள் தாளுக்குப் போகவேண்டும்.

இந்த ஐந்தரை மணிநேரத்தில் நான் ஒருமுறை சறுக்கினேன். ஓடைகளை வாசிக்க நாங்கள் பயன்படுத்துவது `feedparser` என்ற பைதன் நூலகம். அது தரும் `published_parsed` எப்போதும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை நான் `time.mktime` ஆல் மாற்றினேன். `mktime` கையில் கிடைப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, எல்லாச் செய்தியும் ஐந்தரை மணிநேரம் பழசாகத் தெரிந்தது, முந்திய நாள் காலையில் வந்தவை ‘24 மணிநேரத்துக்கு முந்தியது’ என்று விழுந்துபோயின. சரியான கருவி `calendar.timegm`. தலைகீழான பிழை தளக்காரர் பக்கத்திலும் வரும்: இலங்கை நேரத்தை எழுதிவிட்டுப் பக்கத்தில் `GMT` என்று போடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பதிவின் நேரம் இப்போதைய நேரத்துக்கு முன்னால், எதிர்காலத்தில் நிற்கும். அப்படி நிற்கிற தளம் ஒன்று எங்கள் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மட்டும் ஐந்தரை மணிநேரம் கழிக்கிறோம்.

சரி, ஓடையின் குறைகள். இதில் முக்கியமானது அதன் நீளம். வேர்ட்பிரஸ் ஓடையில் தளக்காரர் மாற்றாவிட்டால் கடைசிப் பத்துப் பதிவுகள் மட்டுமே இருக்கும். எங்கள் பட்டியலில் ஒரு செய்தித்தளம் நாளுக்கு ஏறக்குறைய அறுபது பதிவு போடும். சராசரியாக 24 நிமிடத்துக்கு ஒன்று, ஆகவே பத்துப் பதிவு என்பது நான்கு மணிநேர அளவு. தினமும் ஒருமுறை மட்டும் ஓடையைப் பார்த்தால் அறுபதில் ஐம்பது தவறும். நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் போதாது, ஏனென்றால் சராசரி என்பது இரவின் அமைதியையும் சேர்த்த கணக்கு. மாலையில் ஒரே மணிநேரத்தில் பத்து வந்துவிடும். அரைமணிநேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தோம்.

ஒரு நாளில் 48 முறை கேட்பது அதிகம் என்று தோன்றும். பக்கத்தை உருவுவதென்றால் அதிகம்தான். நான் அளந்தபோது அந்தத் தளத்தின் முகப்பு, படங்கள் இல்லாமல் எச்.ரி.எம்.எல் மட்டும், சுருக்காத நிலையில் சுமார் 250 கிலோபைட் இருந்தது. 48 முறை என்றால் நாளுக்கு 12 மெகாபைட், அதுவும் ஒரு தளத்துக்கு. வாசிகசாலையின் இணைப்பு ஒரு டொங்கிள். மாதக் கடைசியில் டேட்டா முடிந்து தாள் வராமல் போன நாட்கள் உண்டு. ஓடை சுமார் 40 கிலோபைட். அதோடு, ‘போனமுறை நான் பார்த்ததற்குப் பிறகு ஏதும் மாறியதா?’ என்று கேட்கும் வசதியும் இருக்கிறது. போனமுறை சேவையகம் தந்த `ETag`, `Last-Modified` இரண்டையும் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால், மாற்றம் இல்லாதபோது அது 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும், உடல் வராது. வேர்ட்பிரஸ் ஓடைகள் இதைத் தாமாகவே செய்யும். செய்தித்தளங்களின் முகப்புப் பக்கங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவதால் அங்கே இது பலிப்பது அரிது.

```python
d = feedparser.parse(url, etag=old.get("etag"),
                     modified=old.get("modified"))
if d.get("status") != 304:
    for e in d.entries:
        key = e.get("id") or e.get("link")
        save(key, e)
    old["etag"] = d.get("etag")
    old["modified"] = d.get("modified")
```

மின்சாரம் போய்க் கணினி அரைநாள் நின்றுவிட்டால்? வேர்ட்பிரஸில் அதற்கும் வழி உண்டு. ஓடையின் முகவரியோடு `?paged=2`, `?paged=3` என்று சேர்த்தால் அதற்கு முந்திய பத்துப் பத்தாகத் தரும். ஏற்கெனவே சேமித்த ஒரு `guid` எதிர்ப்படும்வரை பின்னோக்கிப் போனால் போதும். வேறு மென்பொருளில் ஓடும் தளங்களில் இது பெரும்பாலும் கிடையாது, விட்டது விட்டதுதான். அங்கே பக்கத்தை உருவுபவர் ஜெயிப்பார், ஏனென்றால் தளத்தில் பழைய பக்கங்கள் திறந்து கிடக்கும். பல வருடச் செய்திகளைத் திரட்டுவதுதான் உங்கள் வேலை என்றால் ஓடை அதற்கான கருவியல்ல, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது குறை, ஓடையும் பிழைக்கும். அதன் பிழை இரண்டு விதம். ஒன்று உரத்துச் சொல்லும் பிழை. ஓடை எக்ஸ்.எம்.எல்லில் எழுதப்படுகிறது, எக்ஸ்.எம்.எல் கண்டிப்பானது. தளக்காரர் ஏதோ ஒரு கோப்பைத் திருத்தும்போது அதன் தொடக்கத்தில் ஒரு வெற்று வரியை விட்டிருப்பார், அது ஓடையின் முதல் வரிக்கு முன்னால் வந்து நிற்கும். கண்டிப்பான வாசிப்பான் அங்கேயே நின்றுவிடும். `feedparser` கொஞ்சம் பொறுமையானது. `bozo` என்ற கொடியை 1 ஆக்கிவிட்டு முடிந்ததை வாசிக்கும். அந்தக் கொடி உயர்ந்ததும் எனக்கு ஒரு செய்தி வரும்படி செய்திருக்கிறேன். மற்றது அமைதியான பிழை: ஓடை உறைந்து போவது. தளத்தின் இடைச்சேமிப்பு ஓடையின் பழைய பிரதியையே தந்துகொண்டிருக்கும். 200 என்று பதில் வரும், எக்ஸ்.எம்.எல் ஒழுங்காக இருக்கும், பத்துப் பதிவும் இருக்கும். எல்லாம் மூன்று நாள் பழையவை.

இதுவும் அமைதியான பிழைதானே, பக்கத்தை உருவுவதில் வந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று பெறாமகள் கேட்டாள். நல்ல கேள்வி. வேறுபாடு, இங்கே பிழையைக் காட்டும் தகவல் ஓடைக்குள்ளேயே இருக்கிறது. மிகப் புதிய பதிவின் நேரத்தை எடுத்து, அந்தத் தளத்தின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். நாளுக்கு அறுபது போடும் தளம் பன்னிரண்டு மணிநேரம் பேசாமல் இருந்தால் சந்தேகப்படவேண்டும். வாரத்துக்கு இரண்டு போடும் தளத்துக்குப் பத்து நாள் பொறுக்கலாம். அதோடு, உறைந்த ஓடை பழைய செய்தியைப் புதியதென்று காட்டாது. தாளில் ஒன்று குறையும், பொய்யாக ஒன்று கூடாது. பழைய நேர்முகத் தேர்வுக்கு ஒருத்தியை அனுப்பிய பிறகு, இந்த இரண்டில் எது மேல் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இன்னொரு விடயத்தில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். அறிவித்தல்கள் திருத்தப்படும். கூட்டத்தின் இடம் மாறும், விண்ணப்ப முடிவுத் திகதி நீட்டப்படும். பெரும்பாலும் அதே பதிவையே ஆசிரியர் திருத்திவிடுவார், புதுப் பதிவு போடமாட்டார். பக்கத்தை உருவுபவருக்கு இது தெரியவே தெரியாது, தலைப்பு மாறினாலொழிய. ஆர்.எஸ்.எஸ்ஸிலும் தெரியாது, அதில் ஒரு பதிவுக்கு வெளியிட்ட நேரம் மட்டுமே உண்டு, திருத்திய நேரத்துக்கு இடமில்லை.

இங்கேதான் ஓடையின் மற்ற வடிவம் உதவுகிறது. முகவரிகளில் `atom` என்று தெரியும் அட்டம் வடிவம் 2005 இல் ஆர்.எஃப்.சி 4287 என்ற எண்ணோடு இணையத் தரமாக வந்தது. ஆர்.எஸ்.எஸ்ஸின் தளர்வுகளால் பட்ட சிரமங்களைப் பார்த்தே அதை எழுதினார்கள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் `id` கட்டாயம், `updated` என்ற திருத்திய நேரமும் கட்டாயம். வெளியிட்ட நேரம் `published` என்று தனியாக வரும். வேர்ட்பிரஸ் தளங்களில் `/feed/atom/` என்று கேட்டால் அதே பதிவுகள் இந்த வடிவத்தில் வரும். தெரிந்த `id`, ஆனால் `updated` மட்டும் புதியது என்றால் எங்கள் தாளில் அது ‘திருத்தம்’ என்ற சொல்லோடு மறுபடி வரும். இரண்டு வடிவமும் கிடைக்கும் இடத்தில் நான் அட்டத்தையே எடுப்பேன்.

எல்லாத் திருத்தமும் பிடிபடாது என்பதையும் சொல்லவேண்டும். ஓடை வெளியிட்ட நேரப்படி அடுக்கப்பட்டது. பதினைந்து பதிவுக்கு முன்னால் வந்ததை இன்று திருத்தினால் அது பத்துக்குள் இல்லை. ஆகவே அதிகம் எழுதாத அறிவித்தல் தளங்களில் இது நன்றாகப் பிடிபடும், செய்தித்தளங்களில் சில மணிநேரத்துக்குள் நடந்த திருத்தம் மட்டுமே பிடிபடும். முடிவுத் திகதி உள்ள அறிவித்தல்களை மட்டும் நாங்கள் நான்கு நாள்வரை அவற்றின் பக்கத்துக்கே போய் மீண்டும் பார்க்கிறோம். அதாவது, உருவுகிறோம்.

ஆம், உருவுவதை முற்றாக விட்டுவிடவில்லை. பல ஓடைகள் பதிவின் சுருக்கத்தை மட்டும் தரும். எங்களுக்குத் தலைப்பே போதும் என்பதால் அது தடையல்ல. முழு உரை வேண்டியவர்கள் என்ன செய்யலாம்? முகப்பை விட்டுவிட்டு, புதியது எது என்பதை ஓடையிடம் கேட்டு, அது காட்டும் இணைப்பை மட்டும் ஒருமுறை திறந்து உரையை எடுக்கலாம். அடையாளமும் நேரமும் ஓடையிலிருந்து வருகின்றன, தோற்றம் மாறினால் கெடுவது உரை மட்டும். உரை வெறுமையாக வந்தால் நிரலுக்கு அது உடனே தெரியும். வேர்ட்பிரஸ் தளமானால் இன்னொரு கதவும் உண்டு: `/wp-json/wp/v2/posts`. அது பக்கத்துக்கு நூறு பதிவுவரை தரும், திருத்திய நேரமும் அதில் உண்டு. ஆனால் பாதுகாப்புக் கருதிப் பலர் அதை மூடி வைத்திருக்கிறார்கள். மூடியிருந்தால் தட்டவேண்டாம்.

ஓடை மூலம் எடுத்தாலும் பக்கத்திலிருந்து எடுத்தாலும் எழுத்து எழுதியவருடையது. தாளில் நாங்கள் தலைப்பும் தளத்தின் பெயரும் மட்டும் போடுவது இடமில்லாததால் மட்டும் அல்ல.

ஒன்பது தளங்களில் கடைசியில் நடந்தது இது. ஐந்தில் அட்டம் ஓடை. அவற்றில் ஒன்றுதான் `h3` பெட்டியால் எங்களை ஏமாற்றிய தளம். ஒன்றில் ஆர்.எஸ்.எஸ் மட்டும், `guid` இல்லாமல். இணைப்பை அடையாளமாக வைத்திருக்கிறோம். ஒன்றில் ஓடை இருந்தது, ஆனால் பல மாதங்களாக உறைந்த நிலை. அந்தத் தளத்தின் தொடர்பு முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டு, இதைப் பயன்படுத்துபவர் யாரும் இருக்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரியாது என்று பதில் போட்டார்கள். இப்போது அதுவும் ஓடைப் பட்டியலில்.

மிச்சம் இரண்டு. ஒன்று மரக்கறி விலைகளை ஒரு அட்டவணையாகப் போடும் பக்கம். அங்கே பதிவு என்ற ஒன்றே இல்லை, ஒரே பக்கத்தில் எண்கள் மாறும், ஆகவே ஓடைக்கு இடமில்லை. மற்றது பி.டி.எஃப் கோப்புகளுக்கு இணைப்பு மட்டும் தரும் ஒரு பழைய தளம். இவை இரண்டையும் இன்றும் உருவுகிறோம், ஆனால் முன்பு போல நம்பி அல்ல. அட்டவணையில் நெடுவரிசைகளின் தலைப்புகள் நாம் எதிர்பார்த்த சொற்களேதானா என்று நிரல் முதலில் பார்க்கும். ஒரு சொல் மாறினாலும் அந்தப் பகுதியை அச்சிடாமல் விடும். கத்தரிக்காயின் விலை ஒரே நாளில் மூன்று மடங்கானாலும் விடும், நான் பார்த்துச் சரியென்றால்தான் போகும். பி.டி.எஃப் தளத்தில் திகதி எங்கும் இல்லாததால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் பக்கத்தில் ‘திகதி உறுதியில்லை, கேட்டுவிட்டுப் போகவும்’ என்றும், கீழே தொலைபேசி இலக்கமும் அச்சாகின்றன.

அந்தப் பிள்ளை இப்போதும் காலையில் தாளைப் பார்க்க வருவாள். போன கிழமை அப்படி ஒரு வரிக்குக் கீழே இருந்த தொலைபேசி இலக்கத்தைத் தன் போனில் எழுதிக்கொண்டு போனாள்.